பேனலில் டெக்னிக்கல் ஆள் ஒருவர்கூட இல்லாத டேட்டா சயின்ஸ் இன்டர்வியூ

கேள்வி: டேட்டா சயின்டிஸ்ட் வேலைக்குக் கடைசி ரவுண்டு. பேனலில் இருக்கும் மூணு பேருமே டெக்னிக்கல் ஆட்கள் இல்லையாம். ஓவர்ஃபிட்டிங் என்றால் என்ன, இந்த மெட்ரிக்கை ஏன் எடுத்தேன் என்பதை அவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

பதில்:

இப்படிப்பட்ட பேனலில் ஒருமுறை சொதப்பியிருக்கிறேன், ஒருமுறை தேறியிருக்கிறேன். இரண்டுமே டூவீலர் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள். கொடுத்த வேலையும் ஒன்றுதான்: அடுத்த மூன்று மாதத்தில் யாரெல்லாம் டியூ கட்டாமல் நிறுத்துவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

முதல் இடத்தில் ஸ்லைடில் பெரிய எழுத்தில் ஏ.யு.சி. 0.82 என்று போட்டிருந்தேன். கலெக்‌ஷன் பிரிவில் தலை நரைத்த ஒருவர் கேட்டார்: "அப்படின்னா நூறு பேர்ல எம்பத்திரெண்டு பேரைச் சரியாச் சொல்லிருமா தம்பி?" பதட்டத்தில் "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்றேன்.

"எங்ககிட்ட நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் ஒழுங்கா கட்டிருவாங்க. எல்லாருமே கட்டுவாங்கன்னு நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலே தொண்ணூத்தேழு சரியா வரும். உங்க மெஷின் எம்பத்திரெண்டுதானா?"

பதில் இல்லை. வேலையும் இல்லை. அவர் சொன்னதில் தப்பே கிடையாது. என் "அப்படித்தான் சார்"தான் தப்பு. டியூ கட்டாத ஒருவரையும் கட்டிய ஒருவரையும் ஜோடியாக எடுத்து, யார் ஆபத்து என்று மாடலிடம் கேட்டால், அப்படி 100 ஜோடியில் 82 ஜோடிக்குச் சரியான ஆளைக் காட்டும். 0.82க்கு அர்த்தம் இவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தாலே தப்பித்திருப்பேன். ஆனால் சொல்லியிருந்தாலும், "சரி, அதை வெச்சு நாளைக்குக் காலையில என் பசங்களை எங்க அனுப்புறது?" என்று அவர் கேட்டிருந்தால் மறுபடி மாட்டியிருப்பேன். ஏ.யு.சி. அதற்குப் பதில் சொல்லாது.

இரண்டாவது இடத்தில் ஸ்லைடைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்க ஃபீல்டு ஆட்கள், டியூ தவறுறதுக்கு முன்னாடியே போய்ப் பார்க்கிறதா இருந்தா, மாசம் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்?" கலெக்‌ஷன் மேனேஜர் கணக்குப் போட்டுவிட்டு, ஐந்நூறு என்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் அந்த 500ஐ வைத்தே பேசினேன். சதவீதம் பேசவில்லை, ஆட்களை எண்ணினேன். (கீழே உள்ள எண்களை எழுத வசதியாக முழு எண்ணாக மாற்றியிருக்கிறேன்.)

மொத்தம் 10,000 கடன். அதில் 300 பேர் டியூவை நிறுத்தியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு 500 வீட்டுக்குப் போனால் அந்த 300 பேரில் 15 பேர் சிக்குவார்கள். மாடல் காட்டும் முதல் 500 வீட்டுக்குப் போனால் 180 பேர் சிக்குகிறார்கள். 320 நடை வீண். 120 பேர் நம் கையில் சிக்காமலே போகிறார்கள். போர்டில் நாலு கட்டம் போட்டு 180, 320, 120, 9,380 என்று எழுதினேன். பிரிசிஷன், ரீகால் என்ற பெயர்களைக் கடைசியாகத்தான் சொன்னேன்: போன 500ல் உருப்படியானது 180, பிடிக்க வேண்டிய 300ல் பிடித்தது 180. மேலே ஒரே எண், கீழே வகுக்கும் எண்தான் வேறு. ஒன்று 36 சதவீதம், மற்றது 60.

பிறகு அக்யூரசியை நானே எடுத்தேன். முந்தைய பெரியவர் போட்ட அதே கணக்கு. இந்த மாடல் சரியாகச் சொன்னது 180 + 9,380, அதாவது 95.6 சதவீதம். "எல்லாரும் கட்டுவார்கள்" என்று சும்மா இருந்தால் 97 சதவீதம். 180 பேரைப் பிடித்துக் கொடுக்கும் மாடல், எதுவுமே செய்யாதவனைவிடக் குறைவான மார்க் வாங்குகிறது. இதைச் சொன்னதும் அறையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. எச்.ஆர். மேடம்தான் முதலில் சிரித்தார்.

ஓவர்ஃபிட்டிங்குக்கு வருகிறேன். எல்லோரும் சொல்வது மனப்பாட உதாரணம்: போன வருஷக் கேள்வித்தாளை உருப்போட்ட பையன் புதுக் கேள்வியில் கோட்டை விடுவான். தப்பில்லை, தலையாட்டுவார்கள். ஆனால் "உங்க மாடல் உருப்போட்டிருக்கா இல்லையா, எப்படித் தெரியும்?" என்ற அடுத்த கேள்விக்கு அந்தப் பையன் உதவ மாட்டான். நான் உதாரணமே சொல்லவில்லை. மாடல் போட்ட ரூல் ஒன்றை அப்படியே எடுத்துக் காட்டினேன்.

முதலில் கட்டிய டிசிஷன் ட்ரீக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. அது கற்றுக்கொண்ட பழைய கடன்களிலும் 10,000க்கு 300 பேர்தான் நிறுத்தியிருந்தார்கள்; அந்த 300 பேரையும் ஒருவர் விடாமல் காட்டியது. அதன் ஒரு கிளையைப் படித்துக் காட்டினேன்: வயது 34க்கு மேல், கடன் 68,000க்கும் 71,000க்கும் நடுவில், டியூ தேதி 7, குறிப்பிட்ட ஒரு டீலர். இந்த நாலுக்கும் பொருந்தியவர்கள் பழைய டேட்டாவில் மூன்றே பேர். மூன்று பேருமே டியூ கட்டவில்லை.

மேனேஜர் உடனே கேட்டார்: "மூணு பேரை வெச்சா ரூல் போடுவீங்க?"

"இதுக்குப் பேர்தான் சார் ஓவர்ஃபிட்டிங்" என்றேன். இதற்குப் பின் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சேர்த்தேன். மூன்றுக்கு மூன்று தற்செயலாக வருமா என்று கேட்கத் தோன்றும். ஒரே ஒரு கூட்டத்தை எடுத்துப் பார்த்தால் வராது. ஆனால் ட்ரீ ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. வயது, தொகை, தேதி, டீலர் என்று ஆயிரக்கணக்கான விதத்தில் வெட்டிப் பார்க்கிறது. அத்தனை விதமாக வெட்டினால் இப்படி மூன்று பேர் எங்காவது சேர்ந்து நிற்கத்தான் செய்வார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துவிட்டு ரூல் என்கிறது.

எப்படித் தெரியும் என்பதற்கும் பதில் எண்ணிக்கைதான். மாடல் பார்க்காத, பின்னால் வந்த மாதங்களின் 10,000 கடன்களை அதனிடம் கொடுத்தேன். 310 பேரைக் காட்டியது. உண்மையில் நிறுத்தியவர்கள் அதில் 50 பேர். பழையதில் 300க்கு 300, புதியதில் 310க்கு 50. இந்த இடைவெளிதான் அறிகுறி. பிறகு, ஒரு கிளையில் குறைந்தது 100 பேர் இல்லாமல் ரூல் போடாதே என்று கட்டுப்படுத்தினேன். கோடில் இது ஒரே வரி:

```python
DecisionTreeClassifier(min_samples_leaf=100)
```

இப்போது முதல் 500 பேரில் பழைய டேட்டாவில் சிக்கியவர்கள் 195, புதியதில் 180. பழையதில் மார்க் விழுந்தது, புதியதில் ஏறியது. அந்த விழுதல்தான் நமக்கு வேண்டியது. "ஏன் நூறு, ஏன் ஆயிரமில்லை?" என்று ஒருவர் கேட்டார். 20, 50, 100, 300, 1,000 என்று தனியாக எடுத்துவைத்த வேறு சில மாதக் கடன்களில் ஓட்டிப் பார்த்தேன். 1,000க்குப் போனால் பழையது, புதியது இரண்டுமே விழுகிறது, ரூல் மொண்ணையாகிவிடுகிறது என்றேன். புதிய டேட்டாவை மாதம் பார்த்துப் பிரித்ததும் காரணமாகத்தான். குலுக்கிப்போட்டுப் பிரித்தால், ஒரே மாதம் ஒரே ஊரில் வேலையில்லாமல் போனவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள்; மாடல் நல்லவனாகத் தெரியும்.

இந்த இடைவெளி காட்டிக்கொடுக்காத தப்பு ஒன்றும் இருக்கிறது. இந்த ட்ரீக்களுக்கெல்லாம் முன்னால் செய்த முயற்சி ஒன்றில் பழையதிலும் புதியதிலும் 300க்கு 270 வந்தது. இடைவெளியே இல்லை. இவ்வளவு நன்றாக வரக்கூடாதே என்று தோண்டினால், டேட்டாவில் "கஸ்டமருக்குச் செய்த ஃபோன் கால் எண்ணிக்கை" என்று ஒரு நெடுவரிசை. டியூ தவறிய பிறகு செய்த கால்களும் அதில் சேர்ந்திருந்தன. நடந்து முடிந்ததை வைத்து நடக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தது மாடல். மேலே சொன்ன எண்களெல்லாம் அதைத் தூக்கிய பிறகு வந்தவை. இதை மறைக்காமல் சொன்னேன். மேனேஜர், "கட்டலைன்னாதானே நாங்க ஃபோனே போடுவோம்" என்றார். எனக்கு இரண்டு நாள் எடுத்த விஷயம், அவருக்கு ஒரு வாக்கியம்.

கடைசிக் கேள்வி ஃபைனான்ஸ்காரரிடமிருந்து. "மிச்சம் 120 பேரை ஏன் விடணும்? லிஸ்ட்டைப் பெருசாக்குங்க." 1,500 பேராக்கினால் 240 பேர் சிக்குவார்கள். கூடுதலாக 1,000 நடை, கூடுதலாகக் கிடைப்பது 60 பேர். ஒரு நடைக்கு 250 ரூபாய் என்றால் செலவு இரண்டரை லட்சம். போய்ப் பார்த்த ஐந்து பேரில் ஒருவர் வழிக்கு வருகிறார், ஒருவர் வந்தால் 25,000 ரூபாய் தப்புகிறது என்று வைத்தால் 12 பேர், 3 லட்சம். லாபம் அரை லட்சம். ஆறு பேரில் ஒருவர்தான் வருகிறார் என்றால் 10 பேர், இரண்டரை லட்சம், லாபம் பூஜ்யம். முதல் 500க்கு இந்தப் பிரச்சினை இல்லை: செலவு ஒன்றேகால் லட்சம், 36 பேர் மூலம் தப்புவது 9 லட்சம். ஆகவே லிஸ்ட்டை எங்கே வெட்டுவது என்பதை மாடல் சொல்லாது, "ஐந்தில் ஒருவரா, ஆறில் ஒருவரா" என்பதுதான் சொல்லும், அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். மேனேஜர் தன் பங்குக்கு, "ஒழுங்கா கட்டுறவன் வீட்டு வாசல்ல போய் நின்னா, அடுத்த வண்டிக்கு அவன் வேற கம்பெனிக்குப் போயிருவான், அதையும் சேர்த்துக்குங்க" என்றார். அங்கேயே முடிவானது: 500 பேருக்கு நேரில், அடுத்த 1,000 பேருக்கு ஃபோனில் ஞாபகப்படுத்தல் மட்டும்.

வேலை கிடைத்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஐந்தில் ஒன்று யாரும் அளந்து பார்க்காத எண். அளக்க வேண்டுமானால் மாடல் காட்டிய 500 பேரில் 100 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்கள் வீட்டுக்குப் போகாமலே விட்டு, போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "தெரிஞ்சே விடுறதா?" என்று மேனேஜர் ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, 50 பேருக்கு மட்டும் சரி என்றார்.