கார்டு மெஷின் இழுக்கிறது: சிம்மா, வைஃபையா, வயரா?

கேள்வி: எங்க கடை ஸ்வைப்பிங் மெஷின்ல பின் நம்பர் போட்ட அப்புறம் அப்ரூவ் ஆக ஒரு நிமிஷம் வரைக்கும் இழுக்குது. இப்ப சிம்லதான் ஓடுது. வைஃபைக்கு மாத்தலாமா, இல்ல வயர் இழுத்துடலாமா?

கல்லா ஒரே இடத்தில் இருக்கிற கடை என்றால் வயர்தான் நல்லது. ஆனால் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள், அது துணைக்கு இருக்கட்டும். ரௌட்டர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வைஃபையும் போதும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் இந்த மெஷின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் பதினோரு வருடமாக என் வேலை. நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எதையும் மாற்றுவதற்கு முன் அந்த ஒரு நிமிடம் எங்கே போகிறது என்று பாருங்கள். பார்க்காமல் வயர் இழுத்தால், காசு செலவான பிறகும் அதே நிமிடம் அங்கேயே நிற்கலாம்.

வாடிக்கையாளர் பின் நம்பரைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் திரையைக் கவனியுங்கள். பல மெஷின்களில் முதலில் Connecting என்று வரும். அப்புறம் Sending, Receiving அல்லது Processing என்று மாறும். வார்த்தைகள் மெஷினுக்கு மெஷின் மாறினாலும் இந்த இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில் மெஷின், உங்களுக்கு அதைக் கொடுத்த வங்கியின் சர்வரைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டாவது கட்டத்தில் தகவல் அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு என்று கார்டுக்கு ஏற்ற வழியில் வாடிக்கையாளரின் வங்கிக்குப் போய், பதிலோடு திரும்பி வருகிறது. Connecting என்ற இடத்திலேயே நின்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கடைப் பக்கம் இருக்கிறது. அது சட்டென்று தாண்டிவிட்டு, குறிப்பிட்ட ஒரு வங்கியின் கார்டுகளுக்கு மட்டும் அடுத்த கட்டத்தில் இழுத்தால் அந்த வங்கிதான் மெதுவாகப் பதில் சொல்கிறது. அதற்கு நீங்கள் எந்த வயர் இழுத்தும் பயனில்லை.

ஒரு நாள் வியாபாரத்தில் பத்து கார்டுகளுக்கு, போன் ஸ்டாப்வாட்சை வைத்து நேரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். மணி எத்தனை, எந்த வங்கிக் கார்டு, எத்தனை வினாடி, இவ்வளவு போதும். சோதிப்பதற்காக உங்கள் சொந்த கிரெடிட் கார்டை உங்கள் மெஷினிலேயே தேய்க்க வேண்டாம். மெஷின் ஒப்பந்தத்தில் பொதுவாக அதற்குத் தடை இருக்கும், கணக்கை நிறுத்தி வைக்கவும் கூடும்.

வேகம் என்றதும் எல்லோரும் இணைப்பு எத்தனை Mbps என்று கணக்குப் பார்க்கிறார்கள். கார்டு மெஷினுக்கு அது பொருந்தாது. ஒரு கார்டு வியாபாரத்துக்கு மெஷின் அனுப்புகிற தகவல் மிகச் சின்னது, நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. நேரம் போவது தகவல் சுமையால் இல்லை, போய்வரும் நடைகளால். கார்டு விவரத்தை அனுப்புவதற்கு முன்பே மெஷினும் சர்வரும் தகவலை ரகசியமாக அனுப்புவதற்கான பூட்டுச்சாவியை ஒத்துக்கொள்ள நாலைந்து முறை பேசிக்கொள்ள வேண்டும். ஃபைபர் இணைப்பில் ஒரு நடை போய்வர ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகலாம். பழைய 2ஜி சிம்மில் ஒவ்வொரு நடைக்கும் முக்கால் வினாடி, ஒரு வினாடி ஆகும். சிக்னல் மோசம் என்றால் போன தகவல் பாதியில் தொலைந்து மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும், அப்போது நேரம் பல மடங்கு ஏறிவிடும்.

இதை ஒரு கடையில் கண்ணால் பார்த்தேன். திண்டுக்கல் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை. முகப்பு சின்னது, ஆனால் உள்ளே எண்பது அடி நீளம். கல்லா கடைசியில். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை எவர்சில்வர் குடம், பித்தளை அண்டா. முதலாளி என்னிடம் சொன்னது இதுதான்: "காலையில பரவாயில்ல தம்பி. சாயங்காலம் ஆனா இது கல்லு மாதிரி உக்காந்துக்குது. பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க."

நோட்டுப் போட்டுப் பார்த்தோம். காலை பதினோரு மணிக்கு 22 வினாடி. மாலை ஏழு மணிக்கு 55, 60, ஒரு முறை 70. எல்லா வங்கிக் கார்டுக்கும் அதே கதை, எல்லாம் Connecting என்ற இடத்தில். மெஷின் பழைய 2ஜி மாடல். 2ஜி டவரில் பேச்சும் டேட்டாவும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அழைப்பு வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. கடைத்தெரு நிறைந்திருக்கிற மாலை நேரத்தில் மெஷினுக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். போதாக்குறைக்குச் சிக்னல் எண்பது அடி பாத்திரத்தைத் தாண்டி வர வேண்டும். மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்து அடுத்த கார்டைப் போட்டோம். 26 வினாடியில் ரசீது வந்தது.

அடுத்து, என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மெஷினை அதில் சேர்த்தேன். உங்கள் மெஷினில் வைஃபை இருந்தால் நீங்களும் கட்டாயம் இதைச் செய்து பாருங்கள். மெஷின் ஹாட்ஸ்பாட்டைக் காட்டவில்லை என்றால் போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், அதை 2.4க்கு மாற்றுங்கள். நிறைய மெஷின்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். என் போனில் 4ஜி, வேறு கம்பெனி சிம். அதே கல்லாவில், அதே மாலை நேரத்தில் 11 வினாடி. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அது போகிற பாதைதான் கெட்டது என்று அப்போது தெளிவாகிவிட்டது.

இந்த இடத்தில் சிலர் மெஷினில் தங்கள் சொந்தச் சிம்மைப் போட்டுப் பார்ப்பார்கள். அநேகமாக வேலை செய்யாது. வங்கி கொடுக்கிற சிம் பெரும்பாலும் அந்தச் சர்வருக்கு மட்டும் போகிற தனி வழியில் அமைக்கப்பட்டிருக்கும். மெஷின் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, "எங்கள் இடத்தில் இந்தக் கம்பெனி டவர் சரியில்லை, வேறு கம்பெனி சிம் கொடுங்கள், 4ஜி மெஷின் இருந்தால் மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கையோடு அந்த நோட்டுக் கணக்கையும் சொன்னால், வழக்கமான "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற பதிலைத் தாண்டிப் பேசுவார்கள். தெருவில் விற்பவர்கள், வீட்டுக்கு டெலிவரி கொண்டுபோகிறவர்கள், டேபிளுக்கு மெஷினை எடுத்துப்போகிற ஹோட்டல்காரர்கள் என்றால் நல்ல 4ஜி சிம்தான் தீர்வு, மேலே படிக்க வேண்டியதில்லை.

பாத்திரக்கடையில் ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு இருந்தது, ரௌட்டர் வாசல் பக்கம். காசில்லாத வழி என்று மெஷினை அந்த வைஃபையில் சேர்த்தோம். முதல் நாள் 8 வினாடி. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் போன் வந்தது. சில கார்டு 8 வினாடி, சில கார்டு முன்பைவிட மோசம், ஒன்றரை நிமிடம். போய்ப் பார்த்தால் கல்லாவில் வைஃபை ஒரே ஒரு கோடு. மெஷினில் முதலில் வைஃபை, கிடைக்காவிட்டால் சிம் என்று வரிசை வைத்திருந்தோம். வைஃபை முழுக்க அறுந்திருந்தால் மெஷின் உடனே சிம்முக்குப் போயிருக்கும். அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்ததால், பதில் வரும் வரும் என்று அரை நிமிடம் காத்திருந்துவிட்டு, அப்புறம் சிம்மில் முதலிலிருந்து தொடங்கியது. இரண்டு தாமதமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. வைஃபை சிக்னல் முழுதாக இருந்தும் பின்னால் இணையம் செத்திருந்தாலும் இதே கதைதான். வைஃபைக்கு மாறியவர்கள் "சில நேரம் மட்டும் இழுக்குது" என்று சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடைத்தெருவில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தக் கல்லாவில் நின்று போனில் தேடினால் பக்கத்துக் கடைகளின் வைஃபை பதினேழு காட்டியது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ரௌட்டர் அமைப்பில் சேனலை ஆட்டோவில் விடாமல் மூன்றில் கூட்டம் குறைந்ததை வையுங்கள். கடை வைஃபை பாஸ்வேர்டை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கென்று ரௌட்டரில் கெஸ்ட் வைஃபையைத் தனியாகத் திறந்துவிடலாம்.

கடைசியில் வயர் இழுத்தோம். கேட்6 கேபிள், கூரையோரமாக. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எண்பது அடி ஒரு பொருட்டே இல்லை. டியூப்லைட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனோம். ஆனால் அவர்கள் மெஷின் கையடக்க மாடல், அதில் வயர் செருகும் துளையே கிடையாது. மேசையில் வைக்கிற மாடல்களில் பெரும்பாலும் இருக்கும், சில கையடக்க மெஷின்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பீடத்தில் இருக்கும். முதலில் உங்கள் மெஷினைத் திருப்பிப் பாருங்கள். துளை இல்லாத அந்தக் கடையில், கேபிள் முனையில் கல்லாவுக்கு மேலே ஒரு சின்ன ரௌட்டரை, வயரில் வரும் இணைப்பை அங்கேயே வைஃபையாகக் கொடுக்கிற ஆக்ஸஸ் பாயின்ட் முறையில் வைத்தோம். மெஷினுக்கும் அதற்கும் நடுவே மூன்றடி. கேபிளும் ரௌட்டரும் சேர்த்து ₹2,300 ஆனது. அன்று மாலை ஏழு மணிக்கு அளந்தோம்: 7 வினாடி, 6, 9, 7.

வயருக்கு ஒரு பலவீனம் உண்டு. கரண்ட் போனால் மெஷின் பேட்டரியில் ஓடும், ரௌட்டர் படுத்துவிடும். அதனால் ஃபைபர் பெட்டிக்கும் இரண்டு ரௌட்டருக்கும் யுபிஎஸ் வையுங்கள். சிம்மை மெஷினிலேயே விடச் சொன்னதும் இதற்காகத்தான்.

இதையெல்லாம் சரிசெய்யும் வரை ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நீண்ட நேரம் இழுத்து, ரசீது வராமல் திரை பழையபடி வந்துவிட்டால், உடனே அதே கார்டை மறுபடி போடாதீர்கள். பணம் போய்விட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி வந்ததா என்று கேளுங்கள், மெஷினின் மெனுவிலோ ஆப்பிலோ கடைசிப் பரிவர்த்தனையைப் பாருங்கள். அவருக்குப் பணம் பிடித்து, உங்களுக்கு ரசீது வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு ₹100 வீதம் அவருக்கு நஷ்டஈடு உண்டு. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லி, நேரத்தையும் தொகையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.