கிளிக் செய்தால் விடை வரும் ஸ்லைடு: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். திருப்புதல் வகுப்புக்காக நான் செய்யும் வினாடி வினா ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, பக்கத்து டியூஷன் சென்டர்களிலும் பள்ளிகளிலும் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் பவர்பாயிண்டில் செய்வதால் பதில்களும் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

காசிமேடு, டியூஷன் டீச்சர்: "நான் கிளிக் பண்ணினால் முதலில் A, அப்புறம் B என்று வரிசையாகத்தான் வருகிறது. பிள்ளை C சொன்னால் C-ஐ மட்டும் திறக்க முடியுமா சார்?"

முடியும் டீச்சர். நீங்கள் வைத்திருப்பது சாதாரண அனிமேஷன். அது வரிசையில்தான் ஓடும். உங்களுக்கு வேண்டியது ட்ரிகர்: குறிப்பிட்ட ஒரு பெட்டியைத் தொட்டால் மட்டும் குறிப்பிட்ட ஒன்று தோன்றும்.

நான் போன வாரம் செய்த ஒரு ஸ்லைடையே சொல்கிறேன். மின்னோட்டவியல் பாடம். 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடை எவ்வளவு? விடைகள்: A) 9, B) 4.5, C) 2, D) 0.5. நான்கையும் நான்கு செவ்வகங்களாக இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தில் ஒரு விளக்கப் பெட்டி.

முதல் வேலை பெயர் வைப்பது. Alt+F10 அழுத்தினால் Selection Pane திறக்கும். அங்கே Rectangle 4, Rectangle 7 என்று இருப்பதை opt_A, opt_B, exp_A, exp_B என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு எந்தச் செவ்வகம் எது என்று தேடியே நேரம் போகும். அடுத்து exp_A-ஐத் தேர்ந்து Animations பட்டியில் Appear கொடுங்கள். அதே பட்டியில் Trigger, அதில் On Click of, அதில் opt_A. மற்ற மூன்றுக்கும் இப்படியே. சரியாக அமைந்தால் பெட்டியின் பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாகச் சின்ன மின்னல் குறி தெரியும். அதுதான் அடையாளம். எண் தெரிந்தால் அது இன்னும் பழைய வரிசையில்தான் இருக்கிறது.

வியாசர்பாடி, மாலை வகுப்பு எடுக்கும் கல்லூரி மாணவர்: "அண்ணா, தப்பான விடைக்கு ஒரு சிவப்பு பெருக்கல் குறி போதாதா? நாலு விளக்கம் எழுத நேரமில்லை."

தம்பி, பெருக்கல் குறி பிள்ளைக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது இல்லை. உடனே அவன் அடுத்ததைச் சொல்வான். மூன்று தடவை ஊகித்தால் விடை வந்துவிடும், பாடம் வராது.

மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். அந்த மூன்று தவறான எண்களையும் நான் சும்மா போடவில்லை. 9 சொல்பவன் தொடரிணைப்பைப் போலக் கூட்டிவிட்டான். 4.5 சொல்பவன் இரண்டின் சராசரியை எடுத்திருக்கிறான். 0.5 சொல்பவன் 1/6 + 1/3 = 1/2 வரை சரியாகப் போய்விட்டு, அது 1/R என்பதை மறந்து தலைகீழாக்காமல் நிறுத்திவிட்டான். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை இருப்பதிலேயே சிறியதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம் இல்லையா, அந்தச் சோதனையில் 9-உம் 4.5-உம் மாட்டிக்கொள்ளும். 0.5 தப்பித்துவிடும். அதனால் அந்தப் பெட்டிக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். exp_D-இல் எழுதியது இவ்வளவுதான்: "நீ கண்டுபிடித்தது 1/R. R எங்கே?" நான்கு விளக்கமும் ஒவ்வொரு வரிதான். அதற்கு மேல் எழுதினால் கடைசி பெஞ்சுக்குத் தெரியவும் செய்யாது.

நேரமில்லை என்றால் பத்துக் கேள்விக்குப் பதில் நான்கு கேள்வி போடுங்கள். பிள்ளைகளின் பழைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் தவறான விடைகள் அங்கேயே கிடைக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, பள்ளி ஆசிரியர்: "இதெல்லாம் வேண்டாம். Transitions-இல் On Mouse Click டிக்கை எடுத்துவிட்டால் ஸ்லைடு தவறி நகராது. நான் அப்படித்தான் செய்கிறேன், பிரச்சினையே இல்லை."

நீங்கள் சொல்வது சரி சார், எல்லாரும் அதைச் செய்யத்தான் வேண்டும். பெட்டியைத் தொடாமல் பக்கத்தில் கிளிக் பட்டால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவுவதை அது தடுக்கும். Apply To All-ஐ மறக்காமல் அழுத்த வேண்டும்.

ஆனால் அது மவுஸை மட்டும்தான் கட்டுப்படுத்தும். கீபோர்டில் அம்புக்குறி, ஸ்பேஸ் எது பட்டாலும் ஸ்லைடு நகரும். ட்ரிகர் வைத்தவை சாதாரண வரிசையில் சேராததால் அவை எதையும் காட்டாமலே தாவிவிடும். ஒரு தடவை பிள்ளை ஒருத்தி நோட்டை மேசையில் வைத்தபோது ஸ்பேஸ் அழுந்தி, யோசித்துக்கொண்டிருந்த கேள்வியே திரையிலிருந்து போய்விட்டது. அதற்குப் பிறகு நான் Slide Show பட்டியில் Set Up Slide Show போய் Browsed at a kiosk என்பதைத் தேர்கிறேன். அதில் அம்புக்குறி வேலை செய்யாது. அடுத்த ஸ்லைடுக்குப் போக நாமே ஒரு பட்டன் வைக்க வேண்டும். Insert, Shapes, கடைசியில் Action Buttons இருக்கும். அந்தப் பட்டனை வைக்காமல் விட்டால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம், வெளியே வர Esc ஒன்றுதான் வழி.

திருவொற்றியூர், பள்ளி ஆசிரியை: "கையில் ரிமோட் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நடந்தபடியே திறக்கலாம் இல்லையா?"

சாதாரண ரிமோட்டால் ட்ரிகரைத் தொட முடியாது டீச்சர். அது அடுத்தது, முந்தையது போன்ற கீகளைத்தான் அனுப்புகிறது. திரையில் ஓர் இடத்தைச் சுட்ட அதற்குத் தெரியாது. வயர்லெஸ் மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு நோட்டு அட்டையின் மேல் வைத்தாலே நகரும். உங்கள் வகுப்பில் தொடுதிரை இருந்தால் விரலே போதும். பேனா பயன்முறையில் மட்டும் இருக்கக் கூடாது. அப்போது தொட்டால் கோடுதான் விழும், விடை வராது. Ctrl+A அழுத்தினால் அம்புக்குறி திரும்பிவிடும்.

காசிமேடு டீச்சர் மறுபடியும்: "செய்தேன் சார். சில நேரம் வருகிறது, சில நேரம் கிளிக் பண்ணியும் ஒன்றும் இல்லை. மவுஸ் கெட்டுப்போச்சா?"

மவுஸ் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் விடைப் பெட்டிக்கு நிறம் கொடுக்காமல் No Fill வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் எழுத்தின் மேல் பட்டால் மட்டும் வேலை செய்யும், எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் பட்டால் ஒன்றும் நடக்காது. ஏதாவது ஒரு நிறம் கொடுங்கள். நிறம் தெரியக் கூடாது என்றால் நிறம் கொடுத்துவிட்டு Transparency-ஐ 100 ஆக்குங்கள். கண்ணுக்குத் தெரியாது, கிளிக்கை மட்டும் வாங்கிக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: ஸ்லைடு ஷோவில் பெட்டியின் மேல் மவுஸை மெதுவாக நகர்த்துங்கள். எங்கெல்லாம் கை உருவம் வருகிறதோ அங்கெல்லாம் வேலை செய்யும்.

அதிலும் சரியாகவில்லை என்றால், வேறு ஏதாவது பெட்டி அதன் மேல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருப்பதுதான் கிளிக்கை வாங்கும். இன்னொன்று, ட்ரிகர் எல்லாம் வைத்த பிறகு அழகுக்காகப் பெட்டிகளை Group செய்துவிடாதீர்கள். செய்தால் அதுவரை வைத்த அனிமேஷன் போய்விடும். குரூப் செய்வதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு அனிமேஷன் வையுங்கள்.

வியாசர்பாடி தம்பி: "திறந்த விளக்கத்தை மறுபடி மூட முடியுமா?"

முடியும். exp_A-ஐத் தேர்ந்து Add Animation-இல் Disappear கொடுத்து, அதற்கும் அதே opt_A-ஐ ட்ரிகராக வையுங்கள். முதல் கிளிக்கில் வரும், அடுத்த கிளிக்கில் போகும். Add Animation வழியாகப் போவது முக்கியம். மேலே இருக்கும் பட்டியலிலேயே Disappear-ஐ அழுத்தினால் முதலில் கொடுத்த Appear அழிந்து அந்த இடத்தில் இது உட்கார்ந்துவிடும்.

ஒரு ஸ்லைடு முழுதாகச் சரியானதும் இடப்பக்கப் பட்டியில் அதைத் தேர்ந்து Ctrl+D போடுங்கள், ட்ரிகரோடு நகல் வரும். பெட்டிகளை அழிக்காமல் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றினால் அடுத்த கேள்வி தயார்.

ராயபுரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: "தவறான விடைக்கு விளக்கத்தைப் பெரிதாகத் திரையில் காட்டினால், பலவீனமான பிள்ளை மனதில் அந்தத் தவறே தங்கிவிடும். நான் முப்பது வருடம் பார்த்தவன்."

ஐயா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் விளக்கப் பெட்டியில் தவறான வழியை முழுதாக எழுதிக் காட்டுவதில்லை, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி மட்டும். எல்லாரும் முதலில் விடையின் எழுத்தை நோட்டில் எழுதிய பிறகுதான் பெட்டியைத் தொடுகிறேன். யாருமே தேர்ந்தெடுக்காத விடையைத் திறப்பதே இல்லை. வரிசைப்படி ஓடும் அனிமேஷனில் அது முடியாது, ட்ரிகரில் முடிகிறது.

இருந்தாலும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும் அளவுக்குத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது உதவுகிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் இன்னும் 0.5 என்றுதான் எழுதுகிறார்கள். அவர்களுக்குத் திரையை விட்டுவிட்டு நோட்டில்தான் சொல்லித் தருகிறேன். நீங்கள் ஒரு நாள் வகுப்புக்கு வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

கொருக்குப்பேட்டை, பெற்றோர்: "என் பையன் போனில் கூகுள் ஸ்லைட்ஸில் திறந்தால் எல்லா விடையும் தெரிகிறதே?"

கூகுள் ஸ்லைட்ஸில் ட்ரிகர் கிடையாதுங்க. PDF ஆக்கி அனுப்பினாலும் எல்லாப் பெட்டியும் திறந்தே இருக்கும். வீட்டுக்கு அனுப்ப நான் வேறு கோப்பு செய்கிறேன்: கேள்விக்கு ஒரு ஸ்லைடு, நான்கு விளக்கத்துக்கும் தனித்தனியாக நான்கு. கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு விடைப் பெட்டியையும் Ctrl+K மூலம் அதனதன் ஸ்லைடுக்கு இணைத்துவிட்டு, ஒவ்வொரு விளக்கத்திலும் கேள்விக்குத் திரும்ப ஒரு பெட்டி வைக்கிறேன். ஸ்லைடு ஷோவாக ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று பையனிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் எல்லா ஸ்லைடும் தெரியும்.

பழைய வண்ணாரப்பேட்டை ஆசிரியர்: "எங்கள் பள்ளி கணினியில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ்தான். வீட்டில் செய்ததைக் கொண்டுபோனால் தமிழ் எழுத்தே ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது."

அது இரண்டு தனிப் பிரச்சினை சார். எழுத்து அப்படி வந்தால் நீங்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டினால் இது வராது. ட்ரிகரைப் பொறுத்தவரை, லிப்ரே ஆபீஸில் ஸ்லைடு செய்யும் இம்ப்ரஸிலும் அது உண்டு: அனிமேஷனின் விருப்பங்களைத் திறந்து Timing பக்கத்தில் Start effect on click of என்ற இடத்தில் பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். பவர்பாயிண்டில் செய்ததை அங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றால், வகுப்புக்கு முந்தைய நாள் அதே கணினியில் நான்கு விடைகளையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.