ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: வீட்டுக்கு ஒரு கணக்கு, லாட்ஜுக்கு ஒரு கணக்கு

கேள்வி: காட்பாடியில் வீடு, 4 பேர், 2 பாத்ரூம். கீசருக்குப் பதிலாக ஹீட் பம்ப் போடலாமா? எவ்வளவு இடம் வேண்டும், போட்ட காசு எப்போது திரும்பும்?

உங்கள் வீட்டுக்கு வேண்டாம். நான் சி.எம்.சி. பக்கத்தில் 12 அறை உள்ள லாட்ஜ் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஹீட் பம்ப்தான் ஓடுகிறது. சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டில் சாதாரண கீசர்தான். இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஹீட் பம்ப் என்பது தலைகீழாக வைத்த ஃப்ரிட்ஜ் மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். நம் ஊர்க் காற்றுக்கு ஒரு யூனிட் கரண்டில் ஏறக்குறைய 3 யூனிட் சூடு கிடைக்கும். கீசரில் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்றால், எதில் மூன்றில் இரண்டு என்று பார்க்க வேண்டும் இல்லையா?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும். ஆளுக்கு ஒன்றரை பக்கெட், அதாவது 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 4 பேருக்கு 120 லிட்டர். 26 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்கு ஏற்ற சுமார் 2 யூனிட். டேங்கில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இரண்டேகால். ஹீட் பம்ப் இதில் ஒன்றரை யூனிட் மிச்சம் பிடிக்கும். கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிற ஊரில் ஹீட்டர் போடுவது வருஷத்துக்கு 150 நாள் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் 225 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 1,800 ரூபாய்தான். 200 லிட்டர் மெஷின் ஒரு லட்சத்தை ஒட்டி வரும், இரண்டு கீசருக்கு 20,000 போதும். கூடுதலாகப் போடும் 80,000 திரும்ப 44 வருஷம் ஆகும். மெஷின் 10-15 வருஷம் உழைத்தாலே பெரிது.

லாட்ஜில் கதையே வேறு. மேற்கு வங்கம், அசாமில் இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஓ.பி.க்குப் போக விடியற்காலையிலேயே குளிப்பார்கள், நோயாளியைத் துடைக்கவும் வெந்நீர் கேட்பார்கள். 24 பேருக்கு ஆளுக்கு 40 லிட்டர் என்றால், குழாயில் ஆறுவதையும் சேர்த்து, கீசர்களுக்கு நாளைக்கு 18 யூனிட் ஆகும். ஹீட் பம்புக்கு 6. வருஷத்தில் 300 நாள், வணிகக் கட்டணம் 10 ரூபாய் என்று போட்டால் 36,000 மிச்சம். 500 லிட்டர் மெஷின், குழாய் வேலை எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்றால், 12 கீசர் வாங்காத காசு 80,000 போக, ஐந்து வருஷத்துக்குள் திரும்பிவிடுகிறது.

இடத்தைப் பொறுத்தவரை, இதைப் பாத்ரூமுக்குள் வைக்கும் எண்ணமே வேண்டாம். மூடிய அறைக்குள் வைத்தால் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். அதற்குப் பெரிய அறை வேண்டும், 5-க்கு 7 அடி பாத்ரூம் போதாது. மொட்டை மாடியில் நிழலான, காற்றோட்டமான மூலைதான் சரி. 200 லிட்டர் டேங்க் ஆள் உயரம் இருக்கும், தண்ணீரோடு 300 கிலோ வரை போகும். அதனால் தளம் தாங்குமா என்று மேஸ்திரியைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், மெஷினில் இருந்து சொட்டும் நீருக்கு ஒரு வடிகுழாய் வேண்டும். மாடியில் இருந்து கீழ் பாத்ரூம் 15 மீட்டர் தள்ளி இருந்தால், சூடு வருவதற்குள் ஒவ்வொரு முறையும் 4 லிட்டர் பச்சைத் தண்ணீர் போகும். வெந்நீர்க் குழாய்க்கு உறை போடாமல் விட்டால் சூடும் வழியிலேயே போய்விடும்.

இதை ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். கீசர் மாதிரி சுவிட்ச் போட்டுக் கால் மணியில் குளிக்க முடியாது, 200 லிட்டர் சூடாக 3 மணி நேரம் வரை ஆகும். மார்கழி விடியலில் காற்று குளிர்ந்திருக்கும்போது ஓட்டினால் கரண்டும் கூடும். நாங்கள் டைமரை மதியம் 12 மணிக்கு வைத்திருக்கிறோம், அந்த நேரத்துக் காற்றில் குறைந்த கரண்டில் நிரம்பிவிடும். நல்ல உறை போட்ட டேங்கில் காலை வரை சூடு நிற்கும். தெர்மோஸ்டாட்டை 55-இல் வையுங்கள். 70-க்குத் திருப்பினால் பல மெஷின்களில் உள்ளே இருக்கும் சாதாரண ஹீட்டர் காயில் தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அப்போது நீங்கள் ஓட்டுவது விலை கூடிய கீசர். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: 200 லிட்டர் மெஷினில் கம்ப்ரசர் மட்டும் ஓடினால் மீட்டர் ஒரு கிலோவாட்டுக்குள் காட்டும், இரண்டரையைத் தொட்டால் காயில் ஓடுகிறது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டு மாடியை வி.ஐ.டி. மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டு, வீட்டில் 20 பேர் குளிக்கிற நிலை வந்தால் மறுபடி கணக்குப் போடுங்கள். அப்போது 9 வருஷத்துக்குள் காசு திரும்ப வாய்ப்பு இருக்கிறது. அதுவரை அந்த 80,000 கையிலேயே இருக்கட்டும்.