ஒய்டிஎம் 6.87, ஒய்டிசி 5.66: எதை நம்புவது?

கேள்வி: காலபிள் பாண்ட் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஒய்டிஎம் ஒன்று, ஒய்டிசி ஒன்று என்று இரண்டு யீல்டு போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

காலபிள் பாண்ட் என்றால், முதிர்வுக்கு முன்பே நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம். முதிர்வு வரை வைத்திருந்தால் வருடத்துக்குக் கிடைக்கும் வருமான விகிதம் ஒய்டிஎம்; நிறுவனம் முன்கூட்டியே திரும்ப வாங்கிக்கொண்டால் கிடைப்பது ஒய்டிசி. இரண்டில் எது குறைவோ அதைப் பாருங்கள். ஏன் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும்.

முகமதிப்பு 100. வருடத்துக்கு ஒருமுறை 8 வட்டி. முதிர்வுக்கு இன்னும் 10 வருடம். ஆனால் 3 வருடம் முடிந்ததும் 102 கொடுத்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இப்போது சந்தை விலை 108 என்று வைத்துக்கொள்வோம்.

முதிர்வு வரை வைத்திருந்தால் 80 வட்டி வரும், விலையில் 8 போகும். மிச்சம் 72, அதாவது வருடத்துக்கு 7.2. மூன்றாம் வருடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் வட்டி 24, விலையில் இழப்பு 6. மிச்சம் 18, வருடத்துக்கு 6 தான். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த விலையை 10 வருடத்தில் மெதுவாகக் கரைப்பதற்குப் பதில் 3 வருடத்துக்குள் கரைக்க வேண்டியிருக்கிறது. வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. துல்லியமான விடைக்கு எக்செலில் இப்படிப் போடலாம்:

```
=RATE(10, 8, -108, 100)
=RATE(3, 8, -108, 102)
```

முதல் வரி சுமார் 6.87% காட்டும், அது ஒய்டிஎம். இரண்டாவது சுமார் 5.66%, அது ஒய்டிசி. (வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை வந்தால் தவணை எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, வட்டியைப் பாதியாக்கி, வரும் விடையை இரண்டால் பெருக்குவது சந்தை வழக்கம்.)

சரி, நிறுவனம் திரும்ப வாங்குமா? அதன் இடத்தில் நின்று யோசியுங்கள். இன்று புதிதாக 5.5 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறது என்றால், பழைய 8 சதவீதக் கடனை அடைப்பதில் வருடத்துக்கு 2.5 மிச்சம், அதுவும் மீதமுள்ள 7 வருடத்துக்கு. அதற்காக ஒருமுறை 2 பிரீமியமும் புது வெளியீட்டுச் செலவும் கொடுப்பது ஒரு பொருட்டே இல்லை. பத்திரம் 108-க்கு விற்கிறது என்பதே வட்டி விகிதம் இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அதாவது நிறுவனம் கடனை முன்கூட்டி அடைக்க எல்லாக் காரணமும் இருக்கும் நேரத்தில்தான் நீங்கள் 6.87-ஐப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள். அடைத்த பிறகு கையில் வரும் 102-ஐ மறுபடி போட இடம் தேடினால், கிடைப்பதும் அந்த இறங்கிய வட்டிதான்.

இதன் மறுபக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதே பத்திரம் 95-க்குக் கிடைத்தால் ஒய்டிஎம் சுமார் 8.77%, ஒய்டிசி சுமார் 10.6%. பெரிய எண்ணைச் சொல்லி விற்பவர்கள் இங்கேதான் ஒய்டிசியை முன்னால் நிறுத்துவார்கள். ஆனால் சந்தையில் 95-க்குக் கிடைக்கும் தன் பத்திரத்துக்கு 102 கொடுக்க எந்த நிறுவனம் முன்வரும்? அந்த 10.6-ஐ நான் பார்ப்பதே இல்லை.

இந்தப் பத்திரத்தில் இரண்டு யீல்டும் சமமாகும் விலை ஏறக்குறைய 102.6. அதற்கு மேல் போனால் ஒய்டிசி குறைவு, கீழே போனால் ஒய்டிஎம் குறைவு. நிறுவனம் திரும்ப வாங்கக்கூடிய தேதி, அதாவது கால் தேதி, ஒன்றுக்கு மேல் இருப்பதும் சகஜம்: மூன்றாம் வருடம் 102, நான்காம் வருடம் 101, அப்புறம் 100 என்று விலை படிப்படியாக இறங்கும். அப்போது ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒய்டிஎம்மையும் சேர்த்து, எல்லாவற்றிலும் குறைந்ததை எடுப்பார்கள். அதற்கு யீல்டு டு வர்ஸ்ட் என்று பெயர். ஆனால் அது நிறுவனம் ஒழுங்காகப் பணத்தைத் திருப்பித் தரும் என்று வைத்துப் போடும் கணக்கு. நிறுவனமே மூழ்கினால் என்ன ஆகும் என்பது அதில் வராது.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். வெளியீட்டு ஆவணத்தில் ‘மேக் ஹோல்’ கால் என்று இருந்தால், திருப்பிக் கொடுக்கும் விலை 102 போல முன்கூட்டியே நிர்ணயித்த எண்ணாக இருக்காது. மீதமுள்ள வட்டி, அசல் இரண்டையும் அன்றைய அரசுப் பத்திர யீல்டோடு ஒரு சிறு விகிதம் சேர்த்து, அந்த விகிதத்தில் அன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவார்கள். வட்டி இறங்க இறங்க அந்த விலை ஏறும் என்பதால், முன்கூட்டி அடைப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய லாபம் இல்லை. அப்படிப்பட்ட பத்திரத்துக்குப் பெரும்பாலும் ஒய்டிஎம்மே போதும்.