ரத்தமாகப் போகும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏன் தரவில்லை?

சிறுநீரக மருத்துவரிடம் வயிற்றுப்போக்கைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். ஹீமோலிட்டிக் யூரீமிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எச்.யூ.எஸ்., வயிற்றில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடிகிற நோய். அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மூன்று வயது மகளுக்கு ரத்தமாகப் போகிறது. மலப் பரிசோதனையில் ஷிகா நச்சை உண்டாக்கும் ஈ.கோலை இருப்பதாக வந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் ஆன்டிபயாடிக் தர மாட்டேன் என்கிறார். கிருமி இன்னதென்று தெரிந்த பிறகும் மருந்து தராமல் இருக்கலாமா?

தராமல் இருப்பதுதான் சரி. உங்கள் மகளின் குடலில் இருக்கும் கிருமி சிறுநீரகத்தைத் தேடிப் போவதில்லை. அது குடலிலேயே இருக்கிறது. அது உண்டாக்கும் நச்சுதான் ரத்தத்தில் கலந்து போகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் உள்ள ரத்தக்குழாய்களின் உட்சுவரில் இந்த நச்சு ஒட்டிக்கொள்ள வசதியான பிடிகள் நிறைய உண்டு. ஒட்டி உள்ளே நுழைந்ததும், அந்தச் செல் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடுகிறது. உட்சுவர் வீங்குகிறது, அதன்மேல் தட்டணுக்கள் குவிந்து உறைகின்றன. அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு போகும் சிவப்பணுக்கள் கிழிந்துபோகின்றன. ரத்தசோகை, தட்டணுக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு மூன்றும் சேர்ந்து வருவது இதனால்தான்.

இனி ஆன்டிபயாடிக் கதைக்கு வருவோம். நச்சைத் தயாரிக்கும் மரபணு, ஈ.கோலையின் சொந்தச் சரக்கு அல்ல. பாக்டீரியாக்களைத் தொற்றும் ஒரு வைரஸ், அதாவது ஃபேஜ், தன் மரபணுவை ஈ.கோலையின் மரபணுவுக்குள் செருகிவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது. நச்சுக்கான மரபணு அதோடு வந்ததுதான். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது பாக்டீரியா ஆபத்து மணியை அடிக்கிறது. அந்தச் சத்தத்தில் ஃபேஜ் விழித்துக்கொள்கிறது, மூழ்கும் கப்பலிலிருந்து தப்பிப்பது போல. தன்னைப் பல படிகள் எடுத்துக்கொள்கிறது, கூடவே நச்சும் ஏராளமாக உற்பத்தியாகிறது. கடைசியில் பாக்டீரியா வெடித்து எல்லாம் வெளியே கொட்டுகிறது. கிருமி செத்தது என்னவோ உண்மைதான், ஆனால் குழந்தைக்குக் கிடைத்தது கூடுதல் நச்சு.

இது சோதனைக்கூடத்தில் தெளிவாகத் தெரிகிற விஷயம். குழந்தைகளிடம்? 71 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. ஆன்டிபயாடிக் பெற்ற 9 பேரில் 5 பேருக்கு எச்.யூ.எஸ். வந்தது. பெறாத 62 பேரிலும் 5 பேருக்குத்தான் வந்தது. எண்ணிக்கை சிறியது என்பதை மறைக்க விரும்பவில்லை. எல்லா மருந்துகளும் ஒரே அளவுக்கு ஃபேஜை எழுப்புவதும் இல்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளில் சில அவ்வளவு வித்தியாசம் காட்டவில்லை, கவனமாக நடத்தப்பட்டவை ஆபத்தின் பக்கமே சாய்கின்றன. ஆனால் ஆன்டிபயாடிக் எச்.யூ.எஸ்.ஸைத் தடுக்கிறது என்று நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. லாபம் இல்லை, நஷ்டம் வரலாம் என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

சீதபேதி வந்த என் பையன் ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் தேறினான். அப்போது மட்டும் ஏன் கொடுத்தார்கள்?

அது ஷிகெல்லாவாக இருந்திருக்கும். அங்கே கிருமியே குடல்சுவருக்குள் புகுந்து பரவுகிறது, ஆன்டிபயாடிக் அதை நிறுத்துகிறது. ஷிகா நச்சை உண்டாக்கும் ஷிகெல்லா வகைக்கும் மருந்து தருவதுதான் வழக்கம். நல்ல காய்ச்சலோடு, சளி கலந்து, முக்கி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் எங்கள் சந்தேகம் அந்தப் பக்கம் போகும். ஈ.கோலையில் பெரும்பாலும் முதலில் தண்ணீராகப் போய், ஒன்றிலிருந்து மூன்று நாளில் ரத்தமாக மாறும். வயிற்றுவலி கடுமையாக இருக்கும், மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் முதல் நாளே மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறோம். குழந்தை மிகவும் மோசமாக இருந்து, கிருமி ரத்தத்தில் கலந்திருக்குமோ என்ற பயம் இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. அது வேறு கணக்கு.

ரிப்போர்ட் வருமுன் இரண்டு வேளை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டோம்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் பெற்ற எல்லாக் குழந்தைக்கும் எச்.யூ.எஸ். வருவதில்லை, பெறாத குழந்தைகளுக்கும் வருவதுண்டு. ரத்தப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். பேதியை நிறுத்தும் லோபரமைடு வேண்டாம், குடலுக்குள் நச்சு தங்கும் நேரம் கூடும். வலிக்கு ஐபுபுரோஃபென் சிறுநீரகத்துக்குச் சுமை. பாராசிட்டமால் போதும்.

வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, குழந்தை விளையாடுகிறான். இன்னும் தினமும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்களே?

இந்த நோயின் தந்திரமே இதுதான். வயிறு சரியாகிக்கொண்டிருக்கும்போதுதான் சிறுநீரகம் கெடத் தொடங்கும், பெரும்பாலும் பேதி தொடங்கி ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில். நான் பார்த்த ஒரு நான்கு வயதுப் பையனின் கணக்கைச் சொல்கிறேன்.

நான்காம் நாள் சேர்த்தார்கள். தட்டணுக்கள் 2,90,000, ஹீமோகுளோபின் 12, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 0.4. நரம்பு வழியாக சலைன் கொடுத்தோம். இந்தக் கட்டத்தில் ரத்த ஓட்டத்தை நன்றாக வைத்திருந்தால் சிறுநீர் முழுவதும் நின்றுபோகும் வாய்ப்பு குறைகிறது. ஆறாம் நாள் பேதி பாதியானது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைய தட்டணு 1,40,000. ஆய்வகத் தாளில் அது கொஞ்சம்தான் குறைவு, இரண்டு நாளில் பாதியானது என்பதுதான் செய்தி. ஏழாம் நாள் 62,000. ஹீமோகுளோபின் 9.4. கண்ணாடித் தகட்டில் பார்த்தால், தலைக்கவசம் போல ஒரு பக்கம் வெட்டுப்பட்ட சிவப்பணுக்கள். கிரியாட்டினின் 0.9. பெரியவர்களுக்கான அளவில் இது சாதாரணம் என்று அச்சாகியிருந்தது. 0.4-லிருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

எட்டாம் நாள் சிறுநீர் சுருங்கியது. அதுவரை தாராளமாகக் கொடுத்த சலைனை உடனே இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் தேங்கிவிடும். ஒன்பதாம் நாள் வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸ் தொடங்கினோம். ஹீமோகுளோபின் 6.6 ஆனதும் சிவப்பணு ஏற்றினோம். பன்னிரண்டாம் நாள் தட்டணு தானாக ஏறியது. நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றுதான், உறைவது நின்றுவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். டயாலிசிஸ் எட்டு நாளில் நின்றது.

உங்கள் பையனுக்குத் தட்டணு குறையாமல் நிலையாக இருந்து, பேதியும் நின்றிருந்தால், ஊசியும் சீக்கிரம் நிற்கும். வீட்டில் இருந்தால் சிறுநீர் குறைவது, முகம் வெளுப்பது, கண்ணிமை வீங்குவது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது இவற்றைப் பாருங்கள்.

தட்டணு 40,000-க்கு வந்துவிட்டது. ஏன் ஏற்றவில்லை?

ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ, அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலோ ஏற்றுவோம். மற்றபடி ஏற்றுவது, உறைந்துகொண்டிருக்கும் இடத்துக்கு இன்னும் சரக்கு அனுப்புவது போல ஆகிவிடுமோ என்ற அச்சம்.

டயாலிசிஸ் ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கவா?

பெரும்பாலும் இல்லை. எச்.யூ.எஸ். வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது, ஒன்றிரண்டு வாரத்தில் அநேகர் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். இறப்பு 100-க்கு 5-க்கும் குறைவு. ஆனால் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரில் புரதமும் உயர் ரத்த அழுத்தமும் தலைகாட்டும். அதிலும் சிறுநீர் பல நாள் நின்றுபோயிருந்தவர்களுக்கு அதிகம். அதனால் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு, வருடம் ஒருமுறையாவது ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்வேன். வீட்டில் எல்லோரும் மறந்துபோயிருக்கும் மூன்றாம் ஆண்டும் கூட.