ஒரு கல்வெட்டு, மூன்று ஐயங்கள்

அன்புள்ள ஐயா,

அரியலூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் சிவன் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டுகள். இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் சோழர் கால எழுத்துகளை ஓரளவு கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் தனியாகப் போக முடியவில்லை. ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர் ஒருவரின் எண் கிடைத்திருக்கிறது. எழுபதைத் தாண்டியவர். எடுத்த எடுப்பில் ‘எனக்குக் கற்றுக்கொடுங்கள்’ என்று கேட்க வாய் வரவில்லை. அவருக்குத் தொந்தரவு ஆகாமல், அதே சமயம் விட்டுப்போகாமல், தொடர்ந்து கற்பது எப்படி?

கா.

அன்புள்ள கா.,

வாய் வராதது நல்லதுதான். ‘கற்றுக்கொடுங்கள்’ என்று கேட்டால் அது எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அவருக்குத் தெரியாது. மரியாதைக்காக “ஒரு நாள் வாங்க, பார்ப்போம்” என்பார். அந்த ஒரு நாள் வரவே வராது. அவரிடம் கொண்டுபோக வேண்டியது வேறு: நீங்களே முழுதாகப் படித்த ஒரு கல்வெட்டு, அதில் உங்களுக்குப் பிடிபடாத மூன்று இடங்கள். கால் மணி நேரத்தில் அவரால் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்விகள்.

அந்த மூன்று இடங்கள் எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயிலரங்கு முடித்து வருகிறவர்களின் ஐயங்களில் பெரும்பகுதி புத்தகத்திலேயே தீர்ந்துவிடும். சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ‘ர’வும் துணைக்காலும் ஒரே வடிவம். அதனால் கோயில் என்ற சொல் புதிதாகப் படிக்கிறவர் கண்ணுக்கு ‘கெரயில’ என்று தெரியும். எண்களிலும் இதே தொல்லை. ௭ ‘எ’ போலவும் ௨ ‘உ’ போலவும் இருக்க, சொல்லோடு சேர்த்துப் படித்துக் குழம்புவோம். இதையெல்லாம் அவரிடம் கேட்டால் பொறுமையாகத்தான் சொல்வார். ஆனால் அடுத்த முறை உங்கள் எண்ணைப் பார்த்ததும் போனை எடுக்க ஒரு கணம் யோசிப்பார்.

இதற்கு அச்சான பாடத்தையே ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. பழைய தொகுதிகள் பல இணையத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. பாடம் அச்சாகியிருக்கும் கோயில் ஒன்று பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஒப்பிடுங்கள். பத்துப் பன்னிரண்டு கல்வெட்டு இப்படிப் போனால், எந்த எழுத்தில் மறுபடி மறுபடி சறுக்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகும் மிஞ்சுவதுதான் அவருக்கான கேள்வி.

எப்படி மிஞ்சும் என்பதற்கு ஓர் உதாரணம். உங்கள் ஊரில் விளக்குக்கு ஆடு கொடுத்த கல்வெட்டு ஒன்றாவது இருக்கக்கூடும். இப்படி வைத்துக்கொள்வோம்: “ஸ்வஸ்திஸ்ரீ கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு ௭ ஆவது” என்று தொடங்குகிறது. நடுவில் அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு வைத்த “சாவா மூவாப் பேராடு தொண்ணூ” வரை தெளிவு, பிறகு கல் பொரிந்திருக்கிறது. அது தொண்ணூறா, தொண்ணூற்றாறா?

உடனே கேட்டுவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்பது கணக்கு. வேறு பல ஊர்களில் 90 ஆடு. அப்படியென்றால் உங்கள் கோயிலின் மற்ற விளக்குக் கல்வெட்டுகளில் என்ன கணக்கு என்று முதலில் பாருங்கள். அடுத்து, சிதைந்த இடத்தை அளந்து பாருங்கள். ‘தொண்ணூ’வுக்குப் பின் ‘று’ மட்டும் என்றால் ஓரெழுத்து அகலம் போதும். ‘ற்றாறு’ என்றால், துணைக்காலையும் சேர்த்து, நான்கெழுத்து அகலம் வேண்டும். அதே வரியில் பக்கத்து எழுத்துகளோடு ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். இவ்வளவும் செய்தபின், “நான்கெழுத்து இடம் இருக்கிறது, ஆனால் இதே கோயிலில் இன்னொரு விளக்குக்கு 90தான் வருகிறது, எதை வைத்துக்கொள்ளலாம்?” என்று கேட்டால் அது அவர் நிமிர்ந்து உட்காரும் கேள்வி.

இரண்டாவது ஐயம் இன்னும் நல்லது. பரகேசரி என்று மட்டும் இருந்தால் யார்? சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள். விஜயாலயனும் பரகேசரி, முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழி இருந்தால் பராந்தகன் என்று சொல்லிவிடலாம். அதுவும் இல்லாதபோது எழுத்தின் அமைதியைப் பார்த்துத்தான் காலத்தை ஊகிக்க வேண்டும். அந்தக் கண் புத்தகம் படித்து வருவதில்லை. கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த மைப்படிகளை ஆயிரக்கணக்கில் விரித்துப் பார்த்தவருக்கு வருவது. நீங்கள் அவரைத் தேடிப் போவதே இதற்காகத்தான். மற்றதற்கெல்லாம் அவர் நேரத்தைச் செலவழித்துவிட்டு இதைக் கேட்காமல் வருகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, எப்படிக் கொண்டுபோவது? வாட்ஸ்அப்பில் நாற்பது படம் அனுப்பாதீர்கள். எழுபது வயதுக் கண்ணுக்கு அந்தத் திரை ஆகாது. தாளில் பெரிய எழுத்தில் அச்செடுங்கள். மேலே ஊர், கோயில், இடம். இடம் என்றால் ‘சுவரில்’ என்று எழுதினால் போதாது, கருவறைத் தென்புறம், அடித்தளக் கல்வரிசைகளில் குமுதப்படை என்று எழுத வேண்டும். அடியில் வரி வரியாக, கல்லில் உள்ளபடி வரி முறித்து, உங்கள் வாசிப்பு. ஐயமான எழுத்துக்குப் பகர அடைப்பு. வலப்பக்கம் மூன்று விரல் அகலம் வெறுமையாக விடுங்கள், அவர் பென்சிலால் எழுத. ஐயமான மூன்று இடங்களுக்கு மட்டும் படம். பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம் விழும்படி எடுத்தால் எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்புக் கட்டியோ விபூதியோ பூசி எடுக்காதீர்கள். பூசும்போது நீங்கள் என்ன எழுத்து என்று நினைக்கிறீர்களோ அந்தக் கோட்டைத்தான் கை போடும். படத்தைப் பார்ப்பவருக்குக் கல் தெரியாது, உங்கள் ஊகம்தான் தெரியும். பழைய ஆட்களுக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

முதலில் போன் வேண்டாம். இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: “ஐயா, வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலின் ஒன்பது வரிக் கல்வெட்டு ஒன்றைப் படித்திருக்கிறேன். மூன்று இடங்களில் ஐயம். தாளைத் தபாலில் அனுப்பட்டுமா, அல்லது தாங்கள் சொல்லும் நாளில் கால் மணி நேரம் வந்து காட்டட்டுமா? இயலாவிட்டாலும் பரவாயில்லை ஐயா.” கடைசி வரி முக்கியம். மறுப்பதற்கு அவருக்கு வழி இருக்க வேண்டும்.

போனால், கால் மணி ஆனதும் நீங்களே எழுந்துகொள்ளுங்கள். “இருங்க, காபி சாப்பிட்டுப் போகலாம்” என்று அவர் சொன்னால் இருக்கலாம். அது வேறு கணக்கு.

உறவு அமைவது இரண்டாவது கடிதத்தில். திருத்தத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் ஒரு வாரத்துக்குள் திரும்பச் சுவருக்குப் போங்கள். அவர் சொன்ன வாசிப்பு கல்லில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தியதையும் பொருந்தாததையும் நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். அவர் படத்தைப் பார்த்துச் சொன்னவர், நீங்கள் கல்லைப் பார்க்கிறவர். “மூன்றாம் வரியில் தாங்கள் சொன்ன எழுத்துக்கு மேல் ஒரு சுழி இருப்பது போலத் தெரிகிறது ஐயா” என்று எழுதினால் சந்தோஷம்தான் படுவார். பதில் கேட்காத கடிதமாக அது இருக்கட்டும்.

தவணையைப் பொறுத்தவரை, மாதம் ஒரு ஞாயிறு என்று நாளைக் கட்டிவைப்பதைவிட, ஒரு கல்வெட்டு முடிந்தால் ஒரு சந்திப்பு என்று வைத்துக்கொள்வது மேல். வங்கி வேலைக்கிடையில் ஒன்றை முடிக்க உங்களுக்கு எப்படியும் ஐந்தாறு வாரம் பிடிக்கும். முடியவில்லை என்றால் போகாதீர்கள். தாளில்லாமல் சும்மா பார்க்கப் போகும் சந்திப்புகள்தான் பேச்சாக நீண்டு ஆளைச் சலிக்கவைக்கும். அவரிடமிருந்து பதில் வரவில்லையா? இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அப்புறம் அடுத்த கல்வெட்டு முடியும்வரை பேசாமல் இருங்கள். பதில்கள் “பார்க்கிறேன்” என்று சுருங்கிக்கொண்டே வந்தால் மூன்று ஐயத்தை ஒன்றாகக் குறையுங்கள்.

நீங்கள் கொடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. அவருக்கு இனி வெயிலில் நின்று கோயில் கோயிலாக ஏறி இறங்க முடியாது. முன்பு அவர் படித்த கோயில் ஒன்றில் திருப்பணி நடக்கிறது, கல் மாற்றுகிறார்கள் என்றால் போய்ப் பார்த்துப் படமெடுத்துத் தரலாம். மைப்படி எடுக்க ஆட்களோடு போகிறார் என்று தெரிந்தால் தண்ணீர் வாளி தூக்கக் கூடப் போங்கள். தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் வேலையை உங்களுக்காகத் தனியாக உட்கார்ந்து சொல்லித் தருவது அவருக்குப் பெரிய பாடு. கூட இருந்தால் கண்ணாலேயே கற்றுவிடலாம். அனுமதி இல்லாமல் நீங்களாக எடுக்க முயலாதீர்கள்.

இந்த உறவுகள் முறிவது பெரும்பாலும் செய்தித்தாளில்தான். அவர் படித்துச் சொன்னதை ‘ஆயிரம் ஆண்டு பழமையான கல்வெட்டு கண்டுபிடிப்பு’ என்று தன் பெயரில் நிருபரிடம் கொடுத்துவிடுவது. பல சமயம் அந்தக் கல்வெட்டு பல பத்தாண்டுகளுக்கு முன்பே கல்வெட்டு ஆண்டறிக்கையில் எண்ணோடு பதிவாகியிருக்கும். அவமானம் அவருக்கும் சேர்த்து. வெளியிடும் முன் ஆண்டறிக்கையைப் பாருங்கள், பிறகு எழுதியதை அவரிடம் காட்டி, அவர் பெயரை எப்படிப் போடுவது என்று கேளுங்கள். சிலர் போட வேண்டாம் என்பார்கள்.

அவர் முதலிலேயே முடியாது என்றால், “யாரைக் கேட்கலாம் ஐயா?” என்று மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் ‘ஆவணம்’ இதழின் பழைய பிரதிகளைப் புரட்டி, உங்கள் மாவட்டக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். பெரிய பெயரைவிட, உங்கள் ஊர்ப் பக்கத்தில் சோழர் கால நிலப்பிரிவுகளாக இருந்த நாடு, கூற்றம் பெயர்களை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்கு அதிகம் பயன்படுவார். அவருக்கும் உங்கள் தாளில் ஒரு புது ஊர்ப்பெயர் அகப்படலாம்.