மனைவி பெயரில் டெபாசிட், வரி யார் கணக்கில்?

"30 சதவீத வரி வரம்பில் இருக்கிறேன். 4 வருடமாக, வருடம் 5 லட்சம் ரூபாய் போனஸை மனைவி பெயரில் 7 சதவீத எஃப்.டி.யில் போடுகிறேன். அவளுக்கு வேறு வருமானம் இல்லாததால் யாரும் வரி கட்டவில்லை. இனி 9 வயது மகள் பெயரில் குழந்தைகளுக்கான மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறார் மைத்துனர். செய்யலாமா?"

மைத்துனரின் ஃபண்டை அப்புறம் பார்ப்போம். முதலில் போனஸை மனைவி கணக்குக்கு மாற்றும் அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். கணவன் பரிசாகக் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி, வரிச் சட்டப்படி கணவனின் வருமானம்தான். பரிசுக்கு வரி இல்லை என்பது உண்மை. அந்தப் பரிசு ஈட்டும் வருமானத்துக்கு உண்டு.

உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டால், அசலுக்கான வட்டி முதல் வருடம் 35,000, அடுத்து 70,000, 1,05,000, 1,40,000. மொத்தம் 3.5 லட்சம். செஸ் சேர்த்து 31.2 சதவீதம் என்றால், கட்டாமல் விட்ட வரி சுமார் 1,09,000 ரூபாய். வங்கி உங்கள் மனைவியின் பான் எண்ணில் இந்த வட்டியைத் துறைக்குத் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். கடைசி வருடத்துக்குக் காலக்கெடு இருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். பழைய வருடங்களுக்கு ITR-U எனும் புதுப்பித்த ரிட்டர்ன். தாமதத்தைப் பொறுத்து, வரியும் அதன் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 முதல் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வருடம் ஓட ஓட அது ஏறும். இனிமேல் ITR-2 படிவத்தில் Schedule SPI பகுதியில் மனைவிக்கு வரும் இந்த வட்டியைக் காட்டுங்கள்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. அசலுக்கு வரும் வட்டிதான் உங்களோடு சேரும். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து வருவது மனைவியின் சொந்த வருமானம். அதனால் வட்டியைத் தனி சேமிப்புக் கணக்கில் வர வைத்து, அங்கிருந்து புதிய முதலீடு செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் எது யாருடையது என்று நிரூபிக்க முடியாது. மனைவிக்கு அவருடைய அப்பா கொடுத்த பணமாக இருந்தால், அதன் வருமானம் உங்களோடு சேரவே சேராது.

மகள் விஷயத்தில் விதி இன்னும் இறுக்கம். 18 வயது ஆகும்வரை, தாத்தா கொடுத்த பணமாக இருந்தாலும், அதன் வருமானம் அதிகம் சம்பாதிக்கும் பெற்றோரோடுதான் சேரும். அவளே உழைத்தோ திறமையாலோ சம்பாதித்தால் விலக்கு. பழைய வரி முறையில் வருடத்துக்கு 1,500 ரூபாய் கழிவு உண்டு, புதிய முறையில் அதுவும் கிடையாது. 'குழந்தைகளுக்கான' என்று பெயர் வைத்ததால் ஃபண்டுக்குத் தனி வரிச் சலுகை எதுவும் வந்துவிடாது. 18 வயதுக்கு முன் விற்றால் லாபம் உங்கள் தலையில்தான்.

மகளுக்காகச் சேர்க்க வேண்டுமென்றால், அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு முன் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். வருடம் 1.5 லட்சம் வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. அதே அளவு மனைவி பெயரில் பி.பி.எஃப்.பிலும் போடலாம், அந்த வட்டி வரியற்றது என்பதால் உங்களோடு சேர்ந்தாலும் கவலையில்லை. அந்த 5 லட்சத்தில் மீதி 2 லட்சத்தை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.